கொடி கொஞ்சம் தொய்யட்டும்: குளியலறையிலும் பின்கட்டிலும் சுருள்கொடி பொருத்துவது எப்படி

எங்கள் தாமானில் சொந்தமாக டிரில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் சுங்கை சிப்புட் பக்கம் யார் வீட்டுச் சுவரில் ஓட்டை போட வேண்டுமென்றாலும் ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் ஆள் நிற்கும். சாமிப்படம், கண்ணாடி, காத்தாடி எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த இரண்டு வருடமாக அதிகம் கேட்பது சுருள்கொடி. கையளவு டப்பா, உள்ளே கம்பியோ கயிறோ சுருண்டிருக்கும். இழுத்து எதிர்ச்சுவர்க் கொக்கியில் மாட்டினால் கொடி. கழற்றிவிட்டால் டப்பாவுக்குள் ஓடிவிடும்.

தோட்டத்தில் இருந்தவரை இதற்குத் தேவை இல்லை. லயத்துக்குப் பின்னால் இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, பாரம் தாங்காமல் தொங்கும் இடத்தில் ஒரு கவைக்கம்பை முட்டுக் கொடுப்பார்கள். தாமான் வீட்டில் பின்பக்கம் அடுப்படியை நீட்டிக் கட்டியபிறகு வெட்டவெளி என்பதே கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி இடித்து மழை கொட்டும் மாதங்களில் வெளியே போட்ட துணியை நம்பி வேலைக்கும் போக முடியாது. ஆகவே கொடி வீட்டுக்குள் வந்துவிட்டது.

இந்தக் கொடி கழன்று விழுவதைப் பல வீட்டில் பார்த்துவிட்டேன். முதலில் விழுந்தது என் வீட்டுக் குளியலறையில். பெட்டிக்குள் வந்த, சுவர் ஓட்டைக்குள் அடிக்கும் குட்டி பிளக்கையும் ஸ்க்ரூவையும் அப்படியே போட்டு, கம்பியை விரலால் சுண்டினால் 'ணங்' என்று சத்தம் வரும் அளவுக்கு இழுத்துப் பூட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு ஈரத்துண்டும் ஒரு போர்வையும் போட்ட அன்று ராத்திரியே டப்பா டைல்ஸ் சில்லோடு கீழே கிடந்தது. மொத்தப் பாரம் ஐந்து கிலோகூட இருக்காது. டப்பா மேல் குற்றமில்லை. நான் இரண்டு தப்பு செய்திருந்தேன்: கயிற்றை அளவுக்கு மீறி முறுக்கினேன், பிளக் செங்கல்லையே தொடவில்லை. புதிதாகப் பொருத்துகிறவர்கள் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் முறுக்கு

கொடி நேராக, கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் நேராக இருக்கும் கயிற்றில் பாரம் ஏற்றினால், அந்தப் பாரத்தைப்போல் பல மடங்கு இழுவை இரண்டு முனைக்கும் போகும். கணக்கு எளிது. கொடியில் பரவலாகத் தொங்கும் மொத்த எடையைச் சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தால் பெருக்கி, நடுவில் உள்ள தொய்வைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் முனையில் வரும் இழுவை கிடைத்துவிடும்.

எதிர்வீட்டு அக்காவுக்குப் போட்டுக் கொடுத்த கொடியையே எடுத்துக்கொள்வோம். அடுப்படிக்குப் பின்னால் வாஷிங் மெஷின் நிற்கும் இடம், சுவருக்குச் சுவர் 290 சென்டிமீட்டர். ஹாங்கரில் போட்டு நெருக்கி மாட்டினால் பதினாலு உருப்படி கொள்ளும். ஒரு தடவை மெஷினில் பிழிந்த துணியை வாளியில் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறச் சொன்னேன். ஆளையும் வாளியையும் கழித்தால் ஆறு கிலோ. இப்போது கணக்குப் பாருங்கள். நடுவில் 5 சென்டிமீட்டர்தான் தொய்கிறது என்றால் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 44 கிலோ இழுக்கும். அதே ஆறு கிலோ, தொய்வை 15 சென்டிமீட்டர் ஆக்கினால் 14, 15 கிலோவோடு நின்றுவிடும். துணியில் ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை, முனையில் வரும் இழுவை மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

தோட்டத்துக் கொடி வருடக்கணக்கில் அறுந்து விழாமல் நின்றதன் ரகசியமும் இதுதான். அதை யாரும் முறுக்கிக் கட்டவில்லை, தொங்கட்டும் என்று விட்டார்கள். தரையைத் தொடாமல் இருக்கத்தான் கவைக்கம்பு.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு அளவு சொல்கிறேன். நீளத்தில் இருபதில் ஒரு பங்கு தொய்வு விடுங்கள். இரண்டு மீட்டர்க் கொடிக்கு 10 சென்டிமீட்டர், மூன்று மீட்டருக்கு 15. இந்த அளவில் முனை இழுவை துணி எடையைப்போல் இரண்டரை மடங்கு, அவ்வளவுதான். "அவ்வளவு தொங்கினால் துணி தரையில் படாதா தம்பி?" என்று அக்கா கேட்டார். படாது. கொடியையே அந்த அளவு உயர்த்திப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த 15 சென்டிமீட்டர் தொய்வுக்கு நீங்கள் கூடுதலாக விட வேண்டிய கயிறு வெறும் இரண்டு சென்டிமீட்டர்தான், அதாவது ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே. கம்பியை இறுக்கிப் பூட்டிவிட்டு, பிறகு அந்த அளவு மட்டும் தளர்த்திப் பூட்டினால் வேலை முடிந்தது. இதையே திருப்பிப் பாருங்கள். கடைசியாக 'இன்னும் ஒரு இழுப்பு' என்று இழுக்கும் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் சுவரில் இருப்பதைப் பிடுங்குகிறது.

பிளாஸ்டிக் பூசிய கயிறு என்றால் முதல் இரண்டு மூன்று சலவையில் தானாகவே கொஞ்சம் நீளும், அதனால் தொடக்கத்தில் தொய்வைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வர்க் கம்பி அப்படி நீளாது, முதல் நாளே தொய்வு விட்டாக வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். டப்பாவுக்குள் இருக்கும் சுருள்வில்லின் வேலை கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது மட்டும்தான், அது துணியைத் தாங்காது. தாங்குவது பூட்டு. சிலதில் டப்பா முகத்தில் அழுத்தும் பொத்தான் இருக்கும், சிலதில் திருகும் குமிழ், பெரிய டப்பாக்களில் கீழே கயிற்றைச் சுற்றிக் கட்ட ஒரு கொம்பு இருக்கும். கடையிலேயே ஒரு மீட்டர் இழுத்துப் பூட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பாருங்கள். பூட்டு நழுவினால் வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

நீளம்

டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நீளம் அதைவிடக் குறைந்தது 30 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். கயிற்றின் கடைசி முனை உள்ளே உருளையில் மாட்டியிருக்கும். உருளையில் இரண்டு மூன்று சுற்றாவது மிச்சம் இருந்தால்தான் அந்த முனைமேல் பாரம் விழாது. கடைசிவரை இழுத்துவிட்டால் சுருள்வில்லும் வலுவிழக்கும், பிறகு கயிறு பாதிதான் உள்ளே போகும்.

அதற்காக மிக நீளமானதையும் வாங்கிவிடாதீர்கள். 'பதினைந்து மீட்டர்' என்று பெரிதாக எழுதியிருக்கும் டப்பாவில் சில சமயம் இரண்டு கயிறு இருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நீளம். ஒரு கயிற்றுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு கயிற்றிலும் துணி போட்டால் ஒரே டப்பாவில் இரண்டு மடங்கு இழுவை வரும் என்பதும் நினைவிருக்கட்டும். மூன்று மீட்டருக்கு உட்பட்ட இடத்துக்கு ஒற்றைக் கயிறே போதும் என்பது என் கருத்து.

சுவர்

எங்கே பொருத்துவது என்று பென்சில் வைக்கும் முன் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று யோசியுங்கள். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், தண்ணீர்ப் பைப் அந்தக் கோட்டில்தான் போகும். சுவிட்ச், பிளக் பாயிண்ட், வாட்டர் ஹீட்டர் இருந்தால் அவற்றின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒயர் இருக்கலாம். அந்த நேர்கோடுகளிலிருந்து ஒரு சாண் தள்ளிக்கொள்ளுங்கள். ஹீட்டர்ப் பக்கம் வேலை என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லில்தான் செய்வேன்.

உயரத்தை இரண்டு பக்கமும் ஒன்றாக்க வேண்டும். குளியலறையில் தரையிலிருந்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள், தண்ணீர் ஓட்டைப் பக்கம் தரை சரிந்திருக்கும். சுவர் டைல்ஸின் படுக்கைக் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் டப்பாவோ அதே வரிசையில் கொக்கி. பின்கட்டில் டைல்ஸ் இல்லையென்றால் கொத்தனார்கள் பாணிதான். உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு சுவரில் பிடித்தால், தண்ணீர் நிற்கும் மட்டம் ஒன்றாக இருக்கும். அக்காவுக்குக் கை தூக்கினால் எட்டும் உயரம் 190 சென்டிமீட்டர், அங்கேயே கோடு போட்டோம்.

டப்பாவைக் கொக்கிக்கு நேர் எதிர்ச்சுவரில் வைத்தால் இழுவை ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து நேராக வெளியே பிடுங்கப் பார்க்கும். பிளக்குக்குப் பிடிக்காத இழுவை அது. சில டப்பாக்களின் அடித்தகடு பக்கவாட்டாகத் திரும்பும். அப்படியானதை மூலையை ஒட்டிய பக்கச்சுவரில் பொருத்தினால், இழுவை ஸ்க்ரூவுக்குக் குறுக்காக வரும். அதே பிளக் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். வசதி இருந்தால் இப்படியே போடுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, பிளக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் நிற்கும்.

சரி, பிளக்குக்கு வருவோம். நம் தாமான் வீடுகளில் பூசிய சுவர் என்றால் வெளியே சுமார் இரண்டு சென்டிமீட்டர் சிமெண்டுப் பூச்சு, அதற்கப்புறம்தான் கல். டைல்ஸ் ஒட்டிய சுவரில் டைல்ஸ், அதன் பின்னால் சிமெண்டு, பிறகு கல். பெட்டிக்குள் வரும் பிளக் பெரும்பாலும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். அதை அடித்தால் முக்கால்வாசி பூச்சிலேயே நின்றுவிடும். பூச்சு சாமிப்படத்தைத் தாங்கும், கொடியைத் தாங்காது. அந்தப் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஹார்ட்வேர் கடையில் நாலிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நீள நைலான் பிளக் வாங்குங்கள். ஸ்க்ரூ அதைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாக இருக்கட்டும். தடிமனை டப்பாவின் அடித்தகட்டு ஓட்டை சொல்லிவிடும்: 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூ நுழைந்தால் 6 மில்லிமீட்டர் பிளக், 5 நுழைந்தால் 8. குளியலறைக்கு எவர்சில்வர் ஸ்க்ரூவே வாங்குங்கள். மஞ்சள் முலாம் பூசியது சீக்கிரம் துருப்பிடித்து டைல்ஸ்மேல் பழுப்புக் கண்ணீர் விடும்.

ஓட்டை போடும்போது கண்ணை டிரில் முனையில் வைக்காமல் கீழே கொட்டும் தூளில் வையுங்கள். ஒரு பழைய காகிதத்தை மடித்துச் சுவரில் டேப்பால் ஒட்டிவிட்டால் தூள் அதில் விழும். முதலில் சாம்பல் நிறமாக வரும், அது பூச்சு. இரண்டு சென்டிமீட்டர் தாண்டியதும் செம்மண் நிறம் வந்தால் செங்கல்லைத் தொட்டுவிட்டீர்கள். சிமெண்டுக் கல் என்றால் நிறம் மாறாது, ஆனால் கைக்குத் தெரியும், டிரில் சட்டென்று கனத்து எதிர்க்கும். அங்கிருந்து இன்னும் மூன்று சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் மணல்போல் உதிர்ந்து டிரில் உள்ளே வழுக்கினால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள கலவைக் கோட்டில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நாலு சென்டிமீட்டர் மேலோ கீழோ தள்ளிப் போடுங்கள். தூள் மாவுபோல் வெள்ளையாக வந்தால் அது எடை குறைந்த வெள்ளைக் கல். அதற்குச் சாதாரண பிளக் பிடிக்காது, அந்தக் கல்லுக்கென்றே விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். தட்டினால் டொக்டொக் என்று கேட்கும் பலகைத் தடுப்பில் கொடியே வேண்டாம்.

டைல்ஸ் சுவருக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. ஓட்டை போடும் இடத்தில் காகித டேப் ஒட்டி, ஈட்டி முனை டைல்ஸ் பிட்டால், ஹாமர் விசையை அணைத்து, மெதுவாகச் சுற்ற விடுங்கள். டைல்ஸ் தாண்டியதும் சாதாரண கல் பிட்டுக்கு மாற்றி, அப்புறம் ஹாமரைப் போடலாம். டைல்ஸ் ஓரத்திலோ மூலையிலோ ஓட்டை போட்டால் விரிசல் விடும், நடுப்பகுதியே நல்லது. பிளக்கை அடிக்கும்போது டைல்ஸைத் தாண்டி முழுவதும் உள்ளே போகும்படி ஆணியால் தட்டிவிடுங்கள், அந்தக் கூடுதல் ஆழத்துக்கு ஏற்ப ஸ்க்ரூவும் நீளமாக இருக்க வேண்டும். பிளக்கின் வாய் டைல்ஸுக்குள்ளேயே இருந்தால், ஸ்க்ரூ முறுக்க முறுக்க அது விரிந்து டைல்ஸைப் பிளந்துவிடும். என் வீட்டில் சில்லு பெயர்ந்த கதை அதுதான்.

ஓட்டையில் தங்கியிருக்கும் தூளை ஊதி எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள், இல்லையென்றால் சைக்கிள் பம்பு போதும். தூள் இருந்தால் பிளக் சுவரைக் கவ்வாது. பிளக் சுத்தியலின் மெல்லிய தட்டுக்கு உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளினாலே போய்விட்டால் ஓட்டை பெரிதாகிவிட்டது. அதில் தீக்குச்சி செருகுவது நம் ஊர்ப் பழக்கம். காலண்டருக்குச் சரி, கொடிக்கு வேண்டாம். ஒரு அளவு பெரிய பிளக்குக்கு மாறுங்கள். ஸ்க்ரூவைக் கையால் முறுக்கும்போது கடைசி சில சுற்று நன்றாக எதிர்க்க வேண்டும். எவ்வளவு முறுக்கினாலும் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பிளக் பிடிக்கவில்லை, அந்த ஓட்டையை மறந்துவிடுங்கள்.

கொக்கிப் பக்கமும் இதே கதைதான். பலரும் டப்பாவுக்கு எல்லாம் பார்த்துச் செய்துவிட்டு, சின்ன உருப்படிதானே என்று கொக்கிக்கு அலட்சியமாகப் பிளக் அடிப்பார்கள். இழுவை இரண்டு முனைக்கும் ஒன்றுதான். கொக்கி சின்னதாக இருப்பதால் பாரம் குறையாது.

துணி போடும் முன்

அன்றைக்கே துணி போடாதீர்கள். கம்பியை இழுத்து மாட்டி, சொன்ன தொய்வு விட்டுப் பூட்டி, ஒரு சின்ன வாளியை நடுவில் தொங்கவிட்டு அதில் ஐந்து லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நடுவில் ஒரே இடத்தில் தொங்கும் ஐந்து கிலோ, பரவலாகப் போட்ட ஒன்பது, பத்துக் கிலோ துணி அளவுக்கு முனையை இழுக்கும். அதனால் அக்காவின் ஆறு கிலோவுக்கு இந்தச் சோதனை தாராளம். டப்பாவில் குறித்திருக்கும் எடை இதைவிடக் குறைவு என்றால் தண்ணீரையும் துணியையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். வாளிக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம், கம்பிக்கு நேராக முகத்தையும் வைக்க வேண்டாம். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கம்பி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் பூட்டு நழுவுகிறது. கம்பி நின்று, அடித்தகடு சுவரை விட்டு விலகினால் பிளக் வருகிறது.

துணி போடும்போது ஜீன்ஸ், துண்டு போன்ற கனமானவை இரண்டு ஓரத்துக்கும், சட்டை, கைலி நடுவுக்கும் போகட்டும். ஓரத்தில் தொங்கும் பாரம் நடுவில் தொங்குவதைவிடக் குறைவாகவே முனையை இழுக்கும். தொய்வு இருப்பதால் ஹாங்கர் எல்லாம் நடுவுக்கு வழுக்கிக்கொண்டு வரும் என்பது உண்மைதான். ஓரத்து ஹாங்கர் பக்கத்தில் கம்பியில் ஒரு துணிக் கிளிப்பைக் கவ்வவிட்டால் அங்கேயே நிற்கும். கம்பளிப் போர்வையை மட்டும் இதில் போடாதீர்கள். தண்ணீர் குடித்த போர்வை தனி ஆள் மாதிரி, அதற்கு வெளியே கட்டைக் கொடிதான்.

எடுத்தபிறகு கம்பியை விட்டுவிடாமல் கையில் பிடித்தபடியே டப்பாவரை நடந்து கொண்டுபோய் விடுங்கள். சட்டென்று விட்டால் முனைக் கொக்கி சாட்டைபோல் பறந்து வரும், சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்தில் வந்தால் ஆபத்து. போகும் வழியில் ஒரு உலர்ந்த துணியால் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் ஈரமும் துடைபடும். ஈரத்தோடு உள்ளே சுருண்ட கயிறு பூசணம் பிடித்து, அடுத்த வாரம் வெள்ளைச் சீருடையில் கோடு போடும். குளியலறையில் கம்பியை மாட்டியபடியே விடுவதும் வேண்டாம், ராத்திரி இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. கயிறு உள்ளே போகத் திணறினால் டப்பாவைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும். திறந்துவிடாதீர்கள், சுருள்வில் துள்ளிக் குதிக்கும். கயிற்றை வெளியே இழுத்து, துடைத்து, வளையாமல் நேராக விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

அக்கா வீட்டில் வேலை முடிந்ததும் டப்பாவின் அடித்தகட்டைச் சுற்றிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவிட்டு வந்தேன், கொக்கிக்கும் அப்படியே. மாதம் ஒரு தடவை அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தகடு கோட்டை விட்டு நகர்ந்திருந்தாலோ, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்தாலோ, அன்றைக்குத் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். நாலு மாதம் ஆகிறது, இதுவரை கூப்பிடவில்லை. போன வாரம் எட்டிப் பார்த்தபோது கோடு அப்படியே இருந்தது, கொடி மட்டும் மறுபடி நேராக இருந்தது. "தொங்கினா பார்க்க நல்லா இல்லையே தம்பி" என்றார். பூட்டைத் திறந்து ஒரு விரல் அளவு தளர்த்திவிட்டு வந்தேன்.